போன்ல ஓடுது, பில் கவுண்டர்ல ஓடல: முறுக்கு பவுச் பார்கோடு

நேமத்தான்பட்டி | ஜூன் 3, காலை 9.40

கைமுறுக்கு 250 கிராம் பவுச். சென்டர் சீல், அகலம் 150, உயரம் 230 மி.மீ. பின்பக்கம் வலது கீழ் மூலையில பார்கோடு. போன்ல எந்த ஆப்ல காட்டினாலும் நம்பர் வந்துருது. மதுரையில ஒரு கடையில கவுண்டர்ல வச்சா பத்துக்கு ரெண்டுதான் படிக்குது, மீதிக்கு நம்பரைத் தட்டித்தான் பில் போடுறாங்க. டிசைனைப் போட்டவர் அச்சுக் கோளாறுங்கிறார். அச்சடிச்சவர் வந்த ஃபைலைத்தான் அடிச்சேன்ங்கிறார். மை பரவிருச்சுன்னுதான் எனக்குத் தோணுது. சரிதானா?

கோடும் கட்டமும் | ஜூன் 3, காலை 10.15

மை பரவினதா இல்லையான்னு லூப், அதான் அச்சு பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி, வச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும் தம்பி. இருக்கிறதிலேயே மெல்லிசான கருப்புக் கோட்டையும், மெல்லிசான வெள்ளை இடைவெளியையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க. மை பரவியிருந்தா இடைவெளி ஒடுங்கி, கோடு தடிச்சிருக்கும்.

கூடவே நாலு அளவு சொல்லுங்க. முதல் கோட்டுல இருந்து கடைசிக் கோடு வரைக்கும் எத்தனை மி.மீ.? கோட்டு உயரம் என்ன? இடப்பக்கம் முதல் கோட்டுக்கு முன்னாடி வேற மை படாம எவ்வளவு இடம் இருக்கு, வலப்பக்கம் எவ்வளவு? அப்புறம் கோடு என்ன நிறம்?

கொட்டான் | ஜூன் 3, காலை 10.50

நம்பர் வாங்கினது சரியான இடத்துலயான்னு பாருங்க. 890ல ஆரம்பிக்குதா?

நேமத்தான்பட்டி | ஜூன் 3, காலை 11.30

நம்பர், பார்கோடு நம்பர் கொடுக்கிற ஜிஎஸ்1 இந்தியாகிட்ட வாங்கினது, 890லதான் ஆரம்பிக்குது. கையால தட்டினா பில் விழுது, அதுல பிரச்சனை இல்ல.

அளவு: கோட்டுக்குக் கோடு 25. உயரம் 11. இடப்பக்கம் ஒன்றரை, வலப்பக்கம் ரெண்டு. அதைத் தாண்டினதும் கண்டாங்கிக் கட்டம் பார்டரா ஓடுது, பவுச் முழுக்க அதுதான் டிசைன். கோடு அரக்கு நிறம், பின்னாடி சந்தன கலர். லூப்ல கோடும் இடைவெளியும் ஒரே அளவாத்தான் தெரியுது. முதல் இலக்கம் 8 வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சாம், அழகா இல்லன்னு கோட்டுக்கு அடியில தள்ளி மத்த இலக்கங்களோட வரிசையில வச்சிருக்காரு.

கோடும் கட்டமும் | ஜூன் 3, மதியம் 12.20

அச்சடிச்சவரை விட்டுருங்க. மூணு தப்பு இருக்கு, மூணும் ஆர்ட்வொர்க்ல.

முதல்ல ஓரத்து வெற்றிடம், குவயட் ஸோன். ஸ்கேனருக்கு பார்கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சொல்றதே அந்த வெறும் இடம்தான். உங்களோடது இஏஎன்-13, பதிமூணு இலக்க பார்கோடு. அதுல மெல்லிய கோட்டோட அகலத்தை ஒரு மாட்யூல்னு வச்சுக்கங்க. இடப்பக்கம் 11 மாட்யூல், வலப்பக்கம் 7 மாட்யூல் எதுவும் படாம இருக்கணும். இடப்பக்கம் 3.63 மி.மீ., வலப்பக்கம் 2.31. உங்ககிட்ட ஒன்றரையும் ரெண்டும்தான் இருக்கு.

இதுல கண்டாங்கிக் கட்டம் வேற. சும்மா ஒரு கலர் பட்டை பக்கத்துல வந்தாலே தொந்தரவு. கண்டாங்கின்னா தடிச்ச கோடு, மெல்லிய கோடு, இடைவெளின்னு மாறி மாறி வருது. ஸ்கேனர் கண்ணுக்கு அதுவும் பார்கோடு மாதிரித்தான் தெரியும். எது சேலைக் கோடு, எது விலைக் கோடுன்னு அதுக்கு யார் சொல்றது?

அந்த 8 வெளிய துருத்திக்கிட்டு இருந்தது சும்மா இல்ல. இடப்பக்க வெற்றிடத்தைக் காவல் காக்கத்தான் அது அங்க நிக்குது. அதே மாதிரி வலக்கோடியில `>` குறி வரும், அது வலப்பக்கக் காவல். ரெண்டையும் எடுத்துட்டா ஆர்ட்வொர்க் பண்றவர் கண்ணுக்கு அது காலி மனை, பார்டரை இழுத்து ஒட்டிருவார்.

தேவகோட்டை லேஅவுட் | ஜூன் 3, மதியம் 1.05

டிசைனர்களை மட்டும் சொல்லாதீங்க. வாடிக்கையாளர் "அந்தக் கோடு அசிங்கமா இருக்கு, சின்னதாக்கு"ன்னுதான் சொல்றாங்க. 80 சதவீதம் வரைக்கும் சின்னதாக்கலாம், உயரத்தைத் தாராளமா வெட்டலாம். 25 மி.மீ. அகலம்னா 80 சதவீதம், அது விதிக்குள்ளதானே இருக்கு? சுத்தி 3 மி.மீ. ப்ளீடு விட்டா போதும்.

கோடும் கட்டமும் | ஜூன் 3, மதியம் 2.10

80 சதவீதம் சரி. மீதி சரியில்ல.

ப்ளீடு வேற, இது வேற. ப்ளீடு வெட்டுற ஓரத்துக்கு வெளிய போகிற மை. குவயட் ஸோன் கோட்டுக்குப் பக்கத்துல மையே வராத இடம்.

உயரத்தை வெட்டுறதுதான் ரெண்டாவது தப்பு. 80 சதவீதத்துக்கு கோட்டு உயரம் 18.28 மி.மீ., இவருக்கு இருக்கிறது 11. கவுண்டர்ல கண்ணாடிக்கு அடியில இருக்கிற ஸ்கேனர் பல திசையில ஒளிக்கோடு போடும். அது இஏஎன்-13ஐ இடப்பாதி, வலப்பாதின்னு தனித்தனியாப் படிச்சுக்கூட ஒட்டிக்கும். 80 சதவீதத்துல ஒரு பாதி, ஓரக் கோடும் நடுக் கோடும் சேர்த்து, 13 மி.மீ. சொச்சம். உயரம் அதைவிடக் கூட இருந்தா, பவுச்சை எந்தக் கோணத்துல தள்ளினாலும் குறுக்கும் நெடுக்குமா போற ஒளியில ஏதாவது ஒண்ணு பாதியை முழுசா வெட்டிப் போகும். உயரம் 11ன்னா வெட்டாத கோணம் வந்துரும். அப்பத்தான் கவுண்டர்ல இருக்கிறவர் பவுச்சைத் திருப்பித் திருப்பிக் காட்டுறார். கையில பிடிக்கிற ஸ்கேனர்னா அவரே கோணத்தைப் பார்த்துக் காட்டுவார், அதனால அங்க இது தெரியாது.

பில் கவுண்டர், புதுக்கோட்டை | ஜூன் 3, மாலை 4.45

திருப்பித் திருப்பிக் காட்டுறதுதான் எங்க வேலையே. மூணு தடவை காட்டி வரலன்னா தட்டிருவோம். ஒரு இலக்கம் மாறிப் போச்சுன்னா பெரும்பாலும் மிஷினே ஏத்துக்காது.

கோடும் கட்டமும் | ஜூன் 3, இரவு 8.30

மதியம் எழுதினதுல ஒரு பிழை. 3.63ம் 2.31ம் நூறு சதவீத அளவுக்கு, மாட்யூல் 0.33 மி.மீ. இருக்கும்போது. இவரோடது 80 சதவீதம், மாட்யூல் 0.264.

```
இடம்: 11 × 0.264 = 2.90 மி.மீ.
வலம்:  7 × 0.264 = 1.85 மி.மீ.
```

அப்படின்னா வலப்பக்கம் ரெண்டு மி.மீ. விட்டது மயிரிழையில தப்பிச்சிருது. இடப்பக்கம்தான் பாதிக்குப் பாதி இல்ல. வலப்பக்கமும் ஃபைல்ல சரியா இருந்தாப் போதாது. அச்சுல ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர், ஓட்டத்துல சிலிண்டருக்குச் சிலிண்டர் பதிவு அரை மி.மீ. நகர்ந்தா பார்டர் உள்ள வந்துரும். நான் இடம் 4, வலம் 3ன்னு விடுவேன்.

நேமத்தான்பட்டி | ஜூன் 3, இரவு 9.15

அண்ணே, மூணாவது தப்பைச் சொல்லவே இல்லையே. அப்புறம் போன்ல மட்டும் ஏன் ஓடுது?

கோடும் கட்டமும் | ஜூன் 4, காலை 7.50

ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான், அரக்கு.

கவுண்டர் ஸ்கேனர்ல பெரும்பாலும் சிவப்பு ஒளி. அரக்கு மை மெஜந்தாவும் மஞ்சளும் கலந்து, மேல கொஞ்சம் கருப்பு சேர்த்தது. மெஜந்தாவும் மஞ்சளும் சிவப்பு ஒளியை விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். அதனால ஸ்கேனருக்கு உங்க கோடு கிட்டத்தட்ட சந்தனக் கலராத்தான் தெரியும். அந்தக் கொஞ்சக் கருப்பு இருக்கிறதால பத்துல ரெண்டு ஓடுது.

போன் கேமரா எல்லா நிறத்தையும் பார்க்கும், ஒரு நொடியில பல படம் எடுத்து எதுல கிடைக்குதோ அதைச் சொல்லும். போன்ல ஓடினா நம்பர் சரியா குறியாகியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம்.

வீட்டுலயே பார்க்கணும்னா சிவப்பு செல்லோஃபேன் தாள் போதும், பரிசுப் பொட்டலம் சுத்துறது. ரெண்டா மடிச்சு பார்கோடு மேல வச்சு வெளிச்சத்துல பாருங்க. கோடு மங்கினா ஸ்கேனருக்கும் மங்கும்.

கோட்டுக்குக் கருப்பு, கருநீலம், கரும்பச்சை. பின்னணிக்கு வெள்ளை, மஞ்சள், சந்தனம், ஏன் சிவப்பே கூட ஆகும். கருப்புன்னா கருப்பு சிலிண்டர் மட்டும். நாலு கலரையும் கலந்த கருப்பு வச்சா பதிவு நகரும்போது கோட்டோரம் நிழல் விழும்.

நேமத்தான்பட்டி | ஜூன் 4, காலை 8.40

செல்லோஃபேன் வச்சேன். தண்ணியில கரைச்ச காபி மாதிரி ஆயிருச்சு. கட்டம் போட்ட பார்டரும் அதே மாதிரி மங்குதுண்ணே. அப்ப சேலைக் கோடு ஸ்கேனரைக் குழப்புதுன்னு நீங்க சொன்னது?

கோடும் கட்டமும் | ஜூன் 4, காலை 9.05

நல்லாப் பிடிச்சீங்க. ரெண்டும் ஒரே மைன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் மங்கும். கோடு கொஞ்சம் தெரியுற நேரத்துல கட்டமும் கொஞ்சம் தெரியும், குழப்பம் அப்பவும் உண்டுதான். ஆனா இப்போதைக்குப் பெரிய குற்றவாளி நிறம். கோட்டை மட்டும் கருப்பாக்கினா அரக்குக் கட்டம் ஸ்கேனருக்கு வெளுத்துப் போய், ஓரத்துப் பிரச்சனை தானாக் குறையக்கூடும். அதை நம்பி இடத்தை விடாம இருந்துராதீங்க. கண்டாங்கியில கருப்புக் கோடும் வருமே.

கானாடுகாத்தான் ஆச்சி | ஜூன் 4, காலை 11.20

என்னோடது பருப்புப் பொடி, சின்னக் கண்ணாடி பாட்டில். குறுக்களவு 45 மி.மீ. கருப்புக் கோடு, வெள்ளை லேபிள், இடமும் விட்டிருக்கு. ஆனாலும் இழுக்குது. இதுக்கு என்ன சொல்றீக?

கோடும் கட்டமும் | ஜூன் 4, மதியம் 12.00

ஆச்சி, கோடெல்லாம் வேலிக்கம்பு மாதிரி நின்னுக்கிட்டு பாட்டிலைச் சுத்திப் போகுதா? அப்படின்னா ஓரத்துக் கோடுகள் ஸ்கேனர் பார்வையில இருந்து வளைஞ்சு பின்னால போயிருக்கும். நடுக்கோட்டுல இருந்து ஓரக்கோடு 30 பாகைக்கு மேல திரும்பக் கூடாது. 80 சதவீதத்துல கோட்டுப் பகுதி 25.08 மி.மீ., அதுக்குக் குறைஞ்சது 48 மி.மீ. குறுக்களவு வேணும். உங்களோடது 45.

பார்கோடைக் கால் சுற்று திருப்பிருங்க. கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா வரணும். அப்ப வளைவு கோட்டோட நீளத்துலதான் போகும், அகலம் நேரா நிக்கும். லேபிள் உயரத்துல வெற்றிடம் சேர்த்து 30 மி.மீ. கிடைச்சாப் போதும்.

கானாடுகாத்தான் ஆச்சி | ஜூன் 4, மதியம் 12.25

லேபிள் உயரமே 28தான்.

தேவகோட்டை லேஅவுட் | ஜூன் 4, மதியம் 12.40

அப்ப எட்டு இலக்க பார்கோடு போட்டுக்கலாமே ஆச்சி. பதிமூணுல முன்னாடி அஞ்சை எடுத்துட்டா எட்டு.

கோடும் கட்டமும் | ஜூன் 4, மதியம் 12.55

யோசனை நல்லது, கணக்குதான் தப்பு. இஏஎன்-8 நம்பரை ஜிஎஸ்1கிட்ட தனியாக் கேட்டு வாங்கணும், இருக்கிறதைக் கத்தரிச்சா அது வேற யாரோட நம்பராவும் இருக்கலாம். கிடைச்சா 80 சதவீதத்துல வெற்றிடம் சேர்த்து 21.4 மி.மீ., திருப்பாமலேயே 34 மி.மீ. பாட்டில் வரைக்கும் தாங்கும். ஆச்சிக்கு அதைவிட லேபிளை 32 ஆக்குறது சுலபம்.

நேமத்தான்பட்டி | ஜூன் 4, மாலை 5.30

என் பவுச்சுல பார்கோடை எங்க வைக்கணும்? இப்ப கீழ் சீல்ல இருந்து 6 மி.மீ. மேல, பக்க ஓரத்துல இருந்து 5 மி.மீ. உள்ள.

கோடும் கட்டமும் | ஜூன் 5, காலை 8.15

பொதுவா எந்த ஓரத்துக்கும் 8 மி.மீ.க்குக் கிட்ட வரக்கூடாதும்பாங்க. முறுக்கு பவுச்சுக்கு அது பத்தாது. உள்ள காற்று இருக்கு, ஓரம் உருண்டு நிக்கும். சீலுக்கு மேல ஃபிலிம் சுருங்கி மடியும்.

கணக்கு இப்படி வருது. அகலம் 150, நடுவுல சீல், வலப்பாதி 75. சென்டர் சீல் மடிப்பு 12 மி.மீ. வலப்பக்கம் சாயுதுன்னு வச்சா மிச்சம் 63. மடிப்போரத்துல இருந்து 8 தள்ளுங்க, பக்க ஓரத்துல உருளுற இடத்துக்கு 15 விடுங்க, 40 நிக்கும். 90 சதவீத பார்கோடு வெற்றிடத்தோட 33.56 மி.மீ., தாராளமா உக்காரும். கோட்டு உயரம் 20.57. கீழ் ஓரத்துல இருந்து 30 மி.மீ. மேல வையுங்க. நூறு சதவீதம் 37.29, அதுவும் நுழையும், ஆனா எனக்கு அந்த இறுக்கம் பிடிக்கல.

மடிப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பேக்கிங் மிஷின்ல ஓடின ஒரு பவுச்சை எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஃபைலைப் பார்த்தா தெரியாது. இடப்பக்கம் சாயும்னு நினைச்சு வச்சு, வலப்பக்கம் சாஞ்சா 12 மி.மீ. போயிரும்.

ஃபைல்ல 33.56க்கு சந்தனக் கலர்ல ஒரு பெட்டி போட்டு, அதுக்குள்ள கோட்டை வச்சு, குரூப் பண்ணிப் பூட்டிருங்க. பார்டரை இழுக்கிறவர் பெட்டியில முட்டி நிப்பார். ஜேபெக்கா ஒட்டாதீங்க, வெக்டராவே இருக்கட்டும். பக்கவாட்டுல மட்டும் பிடிச்சு இழுக்கவும் கூடாது. ப்ரூஃப் வந்ததும் ஸ்கேல் வையுங்க, கோட்டுக்குக் கோடு 28.2 இருக்கணும்.

தேவகோட்டை லேஅவுட் | ஜூன் 5, காலை 9.30

ஆச்சிக்கு ஏணி மாதிரி திருப்பச் சொன்னீங்க. பவுச்சும் உருண்டுதானே நிக்குது, அதையும் திருப்ப வேண்டாமா?

கோடும் கட்டமும் | ஜூன் 5, காலை 10.10

நியாயமான கேள்வி. சிலிண்டர் வச்சு அடிக்கிற கிராவியர் அச்சுல ரோல் ஓடுற திசை, இந்தப் பவுச்சுக்கு மேலிருந்து கீழ். மை இழுபடுறதும் அந்தத் திசைதான். கோடும் அதே திசையில ஓடினா இழுப்பு கோட்டு நுனியில போயிரும், அகலம் மாறாது. ஏணியா திருப்பினா ஒவ்வொரு கோடும் தடிக்க வாய்ப்பு இருக்கு. அச்சுக்கு வேலிக்கம்பு நல்லது, வளைவுக்கு ஏணி நல்லது.

90 சதவீதத்துக்கு 54 மி.மீ. குறுக்களவு இருந்தாப் போதும். உங்க பவுச் சுற்றளவு 300, முழு உருளையா ஊதினாலும் 95 வரும். அதனால வேலிக்கம்பாவே விடுவேன்.

பில் கவுண்டர், புதுக்கோட்டை | ஜூன் 5, காலை 11.00

எங்க அனுபவத்துல ஏணி மாதிரி இருக்கிற சிப்ஸ் பவுச்சுதான் சட்டுனு விழுது. பவுச் முழு உருளையாவா இருக்கு? ஒரு பக்கம் அமுங்கி, ஒரு பக்கம் மடங்கித்தான் வருது.

கோடும் கட்டமும் | ஜூன் 5, காலை 11.25

மடங்கினா எந்தக் கணக்கும் நிக்காது, ஒத்துக்கறேன். சிலிண்டர் வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விதமாவும் லேபிள் அடிச்சு, நிரப்பின பவுச்சுல ஒட்டி, அதே கவுண்டர்ல இருபது இருபது தடவை ஓட்டிப் பார்த்துருங்க தம்பி. வளைவுக்கு அது பதில் சொல்லும். மை இழுப்புக்குச் சொல்லாது.

நேமத்தான்பட்டி | ஜூன் 5, மாலை 6.00

இருக்கிற பவுச்சை என்ன பண்றது? 38க்கு 25 மி.மீ. ஸ்டிக்கர் ரோல் இருக்கு, 203 டிபிஐ பிரிண்டர் இருக்கு.

தேவகோட்டை லேஅவுட் | ஜூன் 5, மாலை 6.40

90 சதவீதம்னு சாஃப்ட்வேர்ல கொடுத்து அடிச்சு ஒட்டிருங்க.

கோடும் கட்டமும் | ஜூன் 5, இரவு 9.00

அந்த பிரிண்டர்ல 90 சதவீதமே கிடையாது. ஒரு புள்ளி 0.125 மி.மீ., மாட்யூல் முழுப் புள்ளிகளாத்தான் வரும். ரெண்டு புள்ளி 0.25, மூணு புள்ளி 0.375. நடுவுல கேட்டா சில கோடு ரெண்டு புள்ளி, சில கோடு மூணு புள்ளின்னு கோணலா அடிக்கும்.

மூணு புள்ளின்னா வெற்றிடத்தோட 42.4 மி.மீ., 38ல நுழையாது. ரெண்டு புள்ளி 80 சதவீதத்துக்குச் சற்றுக் கீழ. அச்சகத்துல அடிக்கிறதுக்கு அது ஆகாது. இப்படித் தேவைக்கு அடிக்கிற லேபிளுக்கு மட்டும் 0.249 வரைக்கும் விட்டிருக்காங்க. ஆனா உயரமும் ஓரமும் 80 சதவீதத்தோட அளவுக்குக் குறையக் கூடாது, அதாவது 18.28, 2.90, 1.85. 25 மி.மீ. உயர ஸ்டிக்கர்ல இலக்கத்தோட 21க்குள்ள அடங்கிரும்.

பழைய பார்கோடை முழுசா மூடணும், பாதி எட்டிப் பார்த்தா ரெண்டு கோடு ஆயிரும். ரிப்பன் போட்டு அடிங்க. ரிப்பன் இல்லாத சூட்டு ஸ்டிக்கர் எண்ணெய்க் கை பட்டா வெளுக்கும், முறுக்குக் கடையில எண்ணெய்க் கைக்குப் பஞ்சமா?

கொட்டான் | ஜூன் 6, காலை 7.30

பணம் வாங்குற க்யூஆருக்கும் இதே ஓரம்தானா?

கோடும் கட்டமும் | ஜூன் 6, காலை 7.45

இல்ல, அதுக்கு நாலு பக்கமும் 4 கட்டம்.

நேமத்தான்பட்டி | ஜூன் 8, மாலை 3.20

ஸ்டிக்கர் ஒட்டினது மதுரையில ஓடிருச்சு. ரெண்டு விதமாவும் ஒட்டி இருபது தடவை ஓட்டினோம். வேலிக்கம்பு 18, ஏணி 19. சிலிண்டர்காரர் கருப்பும் அரக்கும் ரெண்டையும் புதுசா வெட்டணும்ங்கிறார். அந்தப் பெட்டியைப் பூட்டி ஃபைலை அனுப்பிட்டேன். மடிப்பு இடப்பக்கம்தான் சாயுது.

பில் கவுண்டர், புதுக்கோட்டை | ஜூன் 8, மாலை 4.00

19, பார்த்தீங்களா.

கோடும் கட்டமும் | ஜூன் 8, மாலை 4.10

இருபதுல ஒண்ணு ஒரு வித்தியாசமா? மடிப்பு இடப்பக்கம்னா 12 மி.மீ. மிச்சம், பெட்டியை நடுப்பக்கமா இன்னும் 10 தள்ளி வச்சு ஃபைலை மறுபடி அனுப்புங்க தம்பி.